மென்னுணவில் புரதக் கணக்கு: நோயிலிருந்து தேறும் முதியவருக்கு

மென்னுணவு என்பது மெல்லவோ விழுங்கவோ சிரமப்படும் ஒருவருக்காகக் குழைய வேகவைத்து, மசித்து, நீர் சேர்த்துக் கொடுக்கப்படும் உணவு. கஞ்சி, குழைந்த சாதம், ஊறவைத்த இட்லி, ரவைக் கூழ், ரசத்தில் கரைத்த சாதம் ஆகியவை நம் வீடுகளில் வழக்கமானவை. காய்ச்சல், நிமோனியா, அறுவைச் சிகிச்சை போன்றவற்றுக்குப் பிறகு வீடு திரும்பும் முதியவர் பல வாரங்கள் இந்த உணவிலேயே இருப்பார். அந்த வாரங்களில் அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் உள்ளே போகிறது என்பதை வீட்டிலேயே எப்படிக் கணக்கிடலாம், அந்தக் கணக்கு எங்கே தவறும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கணக்கிட வேண்டியதன் காரணம் எளியது. உணவைக் குழைப்பது என்றால் பெரும்பாலும் அதில் நீரைக் கூட்டுவது என்றே பொருள். கிண்ணத்தின் அளவு மாறுவதில்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் அரிசியும் பருப்பும்தான் குறைகின்றன. பார்ப்பவருக்கு "அம்மா ஏழு வேளை சாப்பிடுகிறார்" என்று தோன்றும். அதே அம்மா மூன்றாவது வாரத்திலும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியாமல் இருப்பார். படுக்கையில் கிடந்த நாட்களில் தொடைத் தசை கரைந்திருக்கும். அது திரும்ப வளர நடமாட்டமும் வேண்டும், புரதமும் வேண்டும்.

எவ்வளவு தேவை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, நலமான ஒரு வயதுவந்தவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். முதியவரின் உடல், உண்ட புரதத்தைத் தசையாக்குவதில் மந்தமாக இருப்பதால், முதுமை ஊட்டச்சத்து வல்லுநர் குழு ஒன்று 2013-இல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை என்றும், நோயுற்றிருக்கும் முதியவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்றும் பரிந்துரைத்தது. வீட்டுக் கணக்குக்கு 1.2 என்பதை எடுத்துக்கொள்ளலாம். எடை 50 கிலோ என்றால் நாளொன்றுக்கு 60 கிராம்.

இந்த எண்ணை எல்லோருக்கும் பொருத்தக்கூடாது. சிறுநீரகம் கணிசமாகப் பழுதுபட்டு, ஆனால் இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்குப் போகாத நிலையில் இருப்பவருக்கு மருத்துவர் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கலாம். அப்படியானால் அவர் சொன்ன அளவே இலக்கு. மருத்துவமனையிலிருந்து வரும்போது தரும் அறிக்கையில் கிரியாட்டினின் அளவு இருக்கும். இலக்கை உயர்த்துவதற்கு முன் அதைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. காலில் வீக்கம் இருந்தால் எடைக் கருவி காட்டும் எடையில் நீரும் சேர்ந்திருக்கும். அப்போது நோய்க்கு முந்தைய எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி.

கிண்ணத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்ப்பது

இணையத்தில் "ஒரு கிண்ணம் கஞ்சியில் புரதம் எவ்வளவு" என்று தேடினால் ஆளுக்கொரு எண் கிடைக்கும். எல்லாமே சரியாகவும் இருக்கலாம், எல்லாமே தவறாகவும் இருக்கலாம். ஏனெனில் கஞ்சியில் எவ்வளவு நீர் என்பது ஒவ்வொரு வீட்டிலும், ஒரே வீட்டில் ஒவ்வொரு நாளும் வேறு. வேகவைக்கும்போது புரதம் ஏறக்குறைய அப்படியே பாத்திரத்தில் இருக்கும். கூடுவதும் குறைவதும் நீர்தான். ஆகவே சமைத்த உணவை விட்டுவிட்டு, சமைப்பதற்கு முன் டப்பாவிலிருந்து எடுத்த உலர்ந்த பொருளைக் கணக்கிட வேண்டும். இந்த முறையின் அடிப்படை இது ஒன்றுதான்.

அதற்குத் தேவையான எண்கள் மிகச் சில. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணையை ஒட்டி, நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக முழு எண்ணாக்கிச் சொன்னால் இப்படி வரும். நூறு கிராம் அரிசியில் 8 கிராம் புரதம், ரவையில் 11, துவரம்பருப்பு, உளுந்து, பொட்டுக்கடலை ஆகியவற்றில் 22, பாசிப்பருப்பில் 24. நூறு மில்லிலிட்டர் பாலில் 3.3, தயிரில் ஏறக்குறைய அதே அளவு. ஒரு கோழி முட்டையில் 6. முள் நீக்கிய மீனிலும் பனீரிலும் நூறு கிராமுக்கு 19 என்று வைக்கலாம். கொழுப்பு நீக்கிய பால் தூளில் 35. இந்த எண்களை அடுக்களைச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

கோபாலன் முதலியோர் தொகுத்த பழைய அட்டவணையில் அரிசிக்கு 6.8 என்றிருக்கும். இரண்டில் எது சரி என்று குழம்ப வேண்டாம். நெல் வகையும் தீட்டும் அளவும் மாறினால் எண்ணும் மாறும். முதியவர் ஒரு நாளில் உண்ணும் 80 கிராம் அரிசியில் இந்த வேறுபாடு ஒரு கிராம்கூட வராது. நாம் கண்டுபிடிக்க முயல்வது அவருக்குப் போவது 25 கிராமா 50 கிராமா என்பதைத்தான். 49-ஆ 50-ஆ என்பதை அல்ல.

அடுக்களைத் தராசு இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் கடையில் வாங்கிய பொட்டலமே தராசு. அரைக் கிலோ பாசிப்பருப்புப் பொட்டலத்தைப் பிரித்து, வீட்டில் தினமும் பயன்படுத்தும் கரண்டியால் தலைதட்டி அள்ளி எத்தனை கரண்டி வருகிறது என்று ஒரே ஒருமுறை எண்ணிக்கொள்ள வேண்டும். 25 கரண்டி வந்தால் ஒரு கரண்டி 20 கிராம். அதில் புரதம் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அரிசிக்கும் ரவைக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும், ஏனென்றால் ஒரே கரண்டியில் அவற்றின் எடை வேறு. கரண்டியை மாற்றிவிடக் கூடாது என்பதை வீட்டில் சமைக்கும் எல்லோரிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

பானையில் ஒரு பங்கு

உலர்ந்த பொருளை அளப்பது பாதிக் கணக்கு. பானையில் செய்ததில் அவர் உண்டது எவ்வளவு என்பது மறுபாதி. 60 கிராம் அரிசியும் 40 கிராம் பாசிப்பருப்பும் சேர்த்துக் கஞ்சி வைப்பதாகக் கொள்வோம். அரிசியிலிருந்து 4.8 கிராம், பருப்பிலிருந்து 9.6 கிராம், ஆக மொத்தம் 14.4 கிராம் புரதம் அந்தப் பானையில் இருக்கிறது. வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தபின் வெந்த கஞ்சி 900 கிராம் நிற்கிறது. அதில் 200 கிராம் கிண்ணத்தில் ஊற்றித் தரப்பட்டது. கணக்கு இதுதான்:

பானையின் மொத்தப் புரதம் × உண்ட எடை ÷ வெந்த உணவின் மொத்த எடை

14.4 × 200 ÷ 900 என்றால் 3.2 கிராம். கிண்ணத்தில் 50 கிராம் மிஞ்சியிருந்தால் அவர் உண்டது 150 கிராம். உள்ளே போன புரதம் 2.4 கிராம். பருப்புக் கஞ்சிதானே, சத்தானதுதானே என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்த கிண்ணம் இது.

இனி அதே அரிசி, அதே பருப்பு. நீரை மட்டும் குறைத்துக் கஞ்சி 600 கிராமில் இறக்கப்படுகிறது. அதே 200 கிராம் கிண்ணத்தில் இப்போது 4.8 கிராம். அவர் ஒரு வாய்கூடக் கூடுதலாக உண்ணவில்லை, செலவும் கூடவில்லை, புரதம் மட்டும் ஒன்றரை மடங்காகிவிட்டது. பசியில்லாதவரிடம் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சுவதைவிட இது எளிது. ஆனால் விழுங்குவதில் சிக்கல் இருப்பவருக்கு உணவு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று மருத்துவரோ விழுங்குதல் பயிற்சியாளரோ சொல்லியிருந்தால், நீரைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் விருப்பம் அல்ல. உண்ணும்போது இருமல், உண்டபின் தொண்டையில் நீர் நிற்பதுபோன்ற ஈரக் குரல், வாயில் உணவு தங்குதல் ஆகியவை உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதற்கான அடையாளங்கள். இவை தெரிந்தால் புரதக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மிச்சத்தை அளப்பது பலருக்குச் சங்கடமாக இருக்கும். உண்டு முடித்தவரின் முன்னால் கிண்ணத்தைத் தராசில் வைத்தால் அவர் அதைக் குறைகூறலாகவே எடுத்துக்கொள்வார். அடுக்களைக்குக் கொண்டுபோய், முழுவதும், முக்கால், பாதி, கால் என்று கண்ணால் மதித்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். உணவு தருபவர் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டில் அந்த நோட்டு இல்லாமல் கணக்கே இல்லை. காலையில் மகளும் மதியம் பணிப்பெண்ணும் இரவில் மருமகளும் தருகிற இடத்தில், ஒவ்வொருவரும் மற்ற வேளை நன்றாக உண்டிருப்பார் என்றே நினைப்பார்கள்.

ஏமாற்றும் சில உணவுகள்

சாம்பாரும் ரசமும் பருப்பால் ஆனவை என்றாலும், மேலாகத் தெளிவை எடுத்து ஊற்றினால் பருப்பு அடியிலேயே தங்கிவிடும். முதியவருக்குக் காரமும் கெட்டியும் வேண்டாம் என்று நாம் எடுப்பது பெரும்பாலும் அந்தத் தெளிவைத்தான். பானைக் கணக்குப்படி 4 கிராம் வர வேண்டிய கரண்டியில் ஒரு கிராம்கூட இல்லாமல் போகும். கலக்கி எடுத்தால் கணக்குச் சரியாகும். முளைகட்டிய பயறை வேகவைத்து அரைத்து வடிகட்டித் தரும் சாற்றிலும் இதே கதைதான். புரதத்தின் பெரும்பகுதி வடிகட்டியில் தங்கும் சக்கையில் இருக்கிறது.

ஜவ்வரிசிக் கஞ்சி, ஆரோரூட் கஞ்சி ஆகியவை ஏறக்குறைய முழுதும் மாவுச்சத்து. வயிற்றுக்கு இதமாக இருக்கலாம். புரதக் கணக்கில் அவற்றுக்குச் சுழியம் போடலாம். இளநீரும் பழச்சாறும் அப்படியே. ஆட்டுக்கால் சூப்பைப் பற்றி நம்மிடம் பெரிய நம்பிக்கை உண்டு. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் கரைந்து வருவது பெரும்பாலும் ஜெலட்டின். அதுவும் புரதம்தான், ஆனால் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாத டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. அரை டம்ளர் சூப்புக்கு 2 கிராம் போட்டுக்கொள்வதே தாராளம். வாய்க்கு ருசிக்கிறது, பசியைத் தூண்டுகிறது என்றால் தரலாம். ஒரு வேளை உணவின் இடத்தை அதற்குத் தரக்கூடாது.

கடையில் வாங்கும் சத்துமாவுகளிலும் பானத் தூள்களிலும் அட்டையின் பின்புறத்தைப் படிக்க வேண்டும். நூறு கிராமுக்கு இவ்வளவு புரதம் என்று இருக்கும் எண்ணை ஒரு டம்ளருக்கு என்று படித்துவிடுவது வழக்கமான பிழை. நூறு கிராமுக்கு 11 கிராம் என்று எழுதியிருந்து, நாம் போடுவது 20 கிராம் என்றால் கிடைப்பது 2.2 கிராம். சில அட்டைகளில் "பாலுடன் சேர்த்து" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதில் பெரும்பங்கு பாலின் புரதம்.

ஒரு வீட்டின் ஒரு நாள்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 72 வயது அம்மா. நிமோனியாவுக்காகப் பத்து நாள் மருத்துவமனையில் இருந்து திரும்பியிருக்கிறார். முன்பு 52 கிலோ, இப்போது 48. முகம் மெலிந்ததால் பல்செட் பொருந்தவில்லை, அதனால் மென்னுணவு. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். 50 கிலோ என வைத்து 60 கிராம் இலக்கு. மகள் ஒரு நாள் முழுவதும் நோட்டில் எழுதினார்.

காலை காப்பியில் பால் 75 மில்லி: 2.5 கிராம். காலை உணவுக்கு இரண்டு இட்லி, மேலாக எடுத்த சாம்பாரில் ஊறவைத்தது; அரை இட்லி மிச்சம். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறக்குறைய 15 கிராம் அரிசியும் 4 கிராம் உளுந்தும் இருப்பதால் ஒன்றுக்கு 2 கிராம் வரும். ஒன்றரை இட்லிக்கு 3, சாம்பாருக்கு 1, ஆக 4. பதினொரு மணிக்கு நொய்க் கஞ்சி ஒரு டம்ளர், அதில் அரிசி 20 கிராம்: 1.6. மதியம் 40 கிராம் அரிசியின் குழைந்த சாதமும் ரசமும், முக்கால் பங்கு உண்டார், பிறகு 50 கிராம் தயிர்: எல்லாம் சேர்த்து 4.5. மாலை நான்கு மணிக்கு 150 மில்லி பாலும் இரண்டு பிஸ்கட்டும்: 6. ஆறு மணிக்கு அரை டம்ளர் கால் சூப்: 2. இரவு 20 கிராம் ரவையில் 50 மில்லி பால் சேர்த்த கஞ்சி: 3.8.

கூட்டினால் 24.4 கிராம். ஏழு வேளை உண்டும் தேவையில் பாதிகூட இல்லை. இந்த 24 கிராமில் ஏறக்குறைய பாதி, காப்பியும் பாலும் தயிரும் கஞ்சியில் ஊற்றிய பாலுமாக வந்தது. அதாவது "சாப்பாடு" என்று நாம் நினைத்தவற்றை எல்லாம் சேர்த்தாலும் அந்த நாலு வாய்ப் பாலை அவ்வளவாக மிஞ்சவில்லை. இன்னொன்றும் தெரிந்தது. அன்றைய கலோரிகளைத் தோராயமாகக் கூட்டினால் 700 முதல் 800 வரைதான். எரிபொருள் இவ்வளவு குறைந்தால் உடல் உண்ட புரதத்தையே எரித்துவிடும், தசைக்கு மிஞ்சாது. புரதத்தோடு நெய், எண்ணெய், சற்றே கூடுதல் சாதம் ஆகியவையும் சேர வேண்டியது இதனால்தான்.

அடுத்து, கிண்ணங்களைப் பெரிதாக்காமல் உள்ளிருப்பதை மாற்றினார்கள். காப்பி அப்படியே இருந்தது. அதைத் தொட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். ஒன்றரை இட்லிக்குத் தொட்டுக்கொள்ளத் தெளிந்த சாம்பாருக்குப் பதில் 15 கிராம் பாசிப்பருப்பின் கெட்டியான கடைசல், நெய்யோடு: 6.6. பதினொரு மணிக் கஞ்சியில் 10 கிராம் நொய்யும் 10 கிராம் பாசிப்பருப்பும். அது கொதிக்கும்போதே ஒரு முட்டையை நன்றாக அடித்து ஊற்றிக் கிளறி, முழுதும் வேகும்வரை வைத்து இறக்கினார்கள்: 9.2. மிளகும் சீரகமும் சேர்த்தால் முட்டை வாடை தெரியாது. மதியம் ரசம் சாதத்துக்குப் பதில் 25 கிராம் அரிசியும் 20 கிராம் துவரம்பருப்பும் ஒன்றாகக் குழைந்த பருப்புச் சாதம், வழக்கம்போல் முக்கால் பங்கு உண்டார். 75 கிராம் தயிர்: 7. மாலைப் பாலில் 15 கிராம் கொழுப்பு நீக்கிய பால் தூள் கரைத்தார்கள்: 10. ஆறு மணிக்குச் சூப்புக்குப் பதில் 40 கிராம் மீன், ஆவியில் வேகவைத்து முள் பார்த்து மசித்தது: 7.5. மீன் உண்ணாத வீட்டில் அதே எடை பனீரை வெந்நீரில் மென்மையாக்கி மசித்தாலும் எண் ஏறக்குறைய அதுவே. இரவு ரவையை 150 மில்லி பாலில் காய்ச்சினார்கள்: 7.

இதன் மொத்தம் 50 கிராம். இன்னும் 60 வரவில்லை. ஆனால் முந்தைய நாளைவிட இருமடங்கு. முதல் வாரத்தில் இதற்குமேல் வற்புறுத்தத் தேவையில்லை. பசி திரும்பும்போது இரண்டு இட்லியும் முழுச் சாதமும் உள்ளே போகும். இலக்குக்கு மீதமுள்ளதில் ஏறக்குறைய கால் பங்கு அதிலேயே வந்துவிடும்.

பல நாட்கள் ஏறக்குறைய எதுவுமே உண்ணாமல் இருந்தவருக்கு இப்படி ஒரே நாளில் மாற்றக்கூடாது. பட்டினிக்குப் பின் திடீரென உணவு கூடும்போது இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அத்தகையவருக்கு எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கூட்டும்போது வரும் தொல்லைகள்

பால் தூளைச் சூடான பாலில் கொட்டினால் கட்டி கட்டியாகும். முதலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான பாலில் பசைபோலக் கரைத்து, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். பாலில் உள்ள லாக்டோஸ் தூளில் செறிவாக இருப்பதால் சிலருக்கு வயிறு உப்பி, பேதியாகும். முதல் நாள் ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, தொல்லை இல்லாவிட்டால் கூட்டலாம். ஒத்துக்கொள்ளாதவருக்குத் தயிரும் பனீரும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை, அவற்றில் லாக்டோஸ் குறைவு.

பொட்டுக்கடலை மாவு மலிவானது, 15 கிராமுக்கு 3 கிராம் புரதம் தருவது. ஆனால் அது நீரை உறிஞ்சிக் கஞ்சியைக் கெட்டியாக்கும். பத்து நிமிடம் வைத்தால் களிபோல் ஆகிவிடும். சலித்து, நீரில் கரைத்து, கொதிக்கவைத்து, தரும் நேரத்தில் பதம் பார்க்க வேண்டும். எந்த மாவையும் உலர்ந்தபடி வாயில் போட்டுத் தரக்கூடாது. வாய் உலர்ந்திருக்கும் முதியவருக்கு அது தொண்டையில் அடைத்துவிடும்.

பருப்பு கூடும்போது வாயு, மலச்சிக்கல் இரண்டும் வரலாம். பாசிப்பருப்பு இதில் சாதுவானது. நீர் போதுமான அளவு போகிறதா என்று பார்க்க வேண்டும், முக்கியமாகக் கஞ்சியில் நீரைக் குறைத்த பிறகு. கஞ்சியோடு உள்ளே போய்க்கொண்டிருந்த நீர் இப்போது தனியாகப் போக வேண்டும்.

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பருப்பும் சோறும் ஒன்றாக வரும்போது இரண்டின் குறையும் நிரம்பும். அதனால் நம் கணக்கில் பருப்பின் கிராமையும் அரிசியின் கிராமையும் தயங்காமல் கூட்டலாம். நாள் முழுதும் வெறும் அரிசியாகவே இருக்கும் உணவில் மட்டும், தாளில் உள்ள எண்ணைவிட உடலுக்குப் பயன்படுவது குறைவு.

கணக்குச் சரியா என்று உடல் காட்டும் விதம்

தினமும் எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்று வழக்கமான நாள், மற்றது விருந்தினரோ மருத்துவமனைப் பயணமோ இருந்த நாள் என்று எழுதினால் நிலைமை தெரிந்துவிடும். வீட்டில் பரபரப்பு கூடிய நாளில்தான் அவருக்கு முட்டையும் பருப்பும் தவறி, பிஸ்கட்டும் காப்பியும் உணவாகிவிடுகின்றன.

எடையை வாரம் ஒருமுறை, ஒரே கருவியில், காலையில் சிறுநீர் கழித்தபின், ஏறக்குறைய ஒரே மாதிரியான உடையில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் மகிழக்கூடாது. அது தசை அல்ல, நீர். கணுக்காலை விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எடையைவிட நம்பகமான இன்னொரு அடையாளம் நாற்காலி. கையை ஊன்றாமல் எத்தனை முறை எழ முடிகிறது என்பதை யாரேனும் பக்கத்தில் நின்றுகொண்டு வாரம் ஒருமுறை எண்ணலாம். புரதம் கூடியும் அந்த எண் கூடவில்லை என்றால், அவர் நாள் முழுதும் படுக்கையிலேயே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். நடக்காத காலுக்குப் போகும் புரதம் தசையாவதில்லை.

இரத்தப் பரிசோதனையில் ஆல்புமின் குறைவாக இருப்பதைப் பார்த்து, "புரதம் போதவில்லை" என்று வீட்டார் பதறுவது உண்டு. நோய்த்தொற்றும் அழற்சியும் இருக்கும்வரை, எவ்வளவு உண்டாலும் கல்லீரல் ஆல்புமினைக் குறைவாகவே தயாரிக்கும். அந்த எண் உயர்வது நோய் தணிவதைக் காட்டுகிறது. நேற்று கொடுத்த முட்டையைக் காட்டுவதில்லை. உணவைப் பற்றி அறிய அந்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பது வீண் செலவு.

பல்செட்டைச் சரிசெய்து, வீட்டில் மற்றவர்கள் உண்ணும் சாதமும் கூட்டும் பொரியலும் அவர் தட்டுக்கு வந்து, எடை மூன்று நான்கு வாரம் தொடர்ந்து மெல்ல ஏறினால் நோட்டை மூடிவிடலாம். மென்னுணவு ஒரு மருத்துவக் காரணத்துக்காக இருந்தது. அந்தக் காரணம் போனபின்னும் பழக்கத்தால் அது பல வீடுகளில் மாதக்கணக்கில் நீள்கிறது. பல் மருத்துவரிடம் ஒருமுறை அழைத்துப் போவது சில வேளைகளில் எந்தப் பால் தூளையும்விட அதிகப் புரதத்தைத் தட்டில் கொண்டுவந்து சேர்க்கும்.